வெட்டிய துணியை என்ன செய்வது? மூழ்கிய செலவைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடும் முறை

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி. 1,000 டி-ஷர்ட்டுக்கான துணியை வாங்கி, சாயம் ஏற்றி, வெட்டியும் முடித்தாயிற்று. அதுவரை செலவு ₹1,10,000. அந்த நேரம் பார்த்து ஆர்டர் ரத்தாகிறது. அட்வான்ஸும் வாங்கவில்லை. உள்ளூர் வியாபாரி ஒருவர், தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு ₹90 தருகிறேன் என்கிறார். (எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.)

தைத்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிக்க இன்னும் பீஸுக்கு ₹35 ஆகும். "அடக்கமே 145 ரூபாய், 90-க்கு எப்படிக் கொடுப்பது?" என்றுதான் முதலாளிக்கு முதலில் தோன்றும்.

படி 1: திரும்ப வராததை அடித்துவிடுங்கள். இனி எந்த முடிவு எடுத்தாலும் மாறாத செலவுதான் மூழ்கிய செலவு. இங்கே அது ₹1,10,000. பணத்தைக் கொடுத்தாயிற்றா என்பது முக்கியமில்லை. சாயப்பட்டறைக்கு ₹20,000 பாக்கி இருந்தாலும், தைத்தாலும் தைக்காவிட்டாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் அந்தப் பாக்கியும் மூழ்கியதுதான்.

படி 2: இனிமேல் மாறுவதை மட்டும் எழுதுங்கள். தைத்து விற்றால் வரவு ₹90,000, செலவு ₹35,000, கையில் நிற்பது ₹55,000. தைக்காமல் வெட்டிய துணியை அப்படியே வேஸ்ட் வியாபாரிக்குப் போட்டால் ₹15,000. ஆக, தைப்பதுதான் ₹40,000 மேல். மொத்தத்தில் நஷ்டம்தான், ஆனால் ₹95,000 நஷ்டம் ₹55,000 ஆகக் குறைகிறது.

பலர் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். துணிக்குக் கொடுத்த காசு மூழ்கிவிட்டது, ஆனால் துணியின் இன்றைய விலை மூழ்கவில்லை. அந்த ₹15,000 கணக்கில் இருந்தே ஆக வேண்டும்.

படி 3: எந்த விலை வரை இறங்கலாம்? தைக்கும் செலவு ₹35,000, விட்டுக்கொடுக்கும் வேஸ்ட் காசு ₹15,000. இரண்டும் சேர்ந்து ₹50,000, அதாவது பீஸுக்கு ₹50. வியாபாரி ₹45-க்குக் கேட்டால் கையில் ₹10,000தான் நிற்கும். அப்போது வேஸ்ட்டுக்குப் போடுவதே மேல். "இவ்வளவு போட்டுவிட்டோமே, தைத்துத்தான் பார்ப்போம்" என்று இறங்கினால் இன்னும் ₹5,000 போகும். பேரத்தில் பார்க்க வேண்டிய அடிமட்ட விலை ₹50, 145 அல்ல.

படி 4: தையல் மெஷினுக்கு வேறு வேலை இருக்கிறதா? பீஸ் ரேட்டில் தைக்க ஆள் இருந்து, மெஷின் சும்மா நின்றால் மேலே போட்ட கணக்கு சரி. அதே நாட்களில் ₹45,000 மிச்சம் தரும் வேறொரு ஆர்டரை விட்டுவிட வேண்டியிருந்தால், அந்தத் தொகையையும் தைப்பதற்கான செலவோடு சேருங்கள். ₹55,000 அப்போது ₹10,000 ஆகிவிடும்; வேஸ்ட் வியாபாரி ஜெயித்துவிடுவார்.

அப்புறம், இந்த ₹50 கணக்கு இந்தச் சரக்குக்கு மட்டுமே. அதே வியாபாரி அடுத்த மாதம் புது ஆர்டரோடு வந்து பழைய விலையையே கேட்பார். அப்போது நூல்கூட வாங்கியிருக்க மாட்டீர்கள், எதுவும் மூழ்கியிருக்காது. துணி, சாயம், வெட்டு எல்லாம் இனி ஆகப்போகும் செலவுதான் என்பதால் 145-க்குக் கீழே விலை சொல்ல முடியாது.