கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் ஹம் போகாது: பவர் சப்ளையில் எல்லாரும் செய்யும் ஒரு தப்பு

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தம்பி தான் கட்டிய 12 வோல்ட் சப்ளையைக் கொண்டு வந்து, "அண்ணா, 10000 மைக்ரோ போட்டும் உர்ர்னு சத்தம் வருதுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது, ஏனென்றால் அதே தப்பை நானும் செய்து ஏற்காட்டுக்கு மூன்று தடவை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறேன். எலக்ட்ரோலிட்டிக்கைத் தலைகீழாக மாட்டுவது மாதிரியான விஷயங்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை வெடித்தால் தானாகவே புரிந்துவிடும்.

50-ஆ 100-ஆ?

கரண்டு வருவது 50 ஹெர்ட்ஸில், ஆனால் பிரிட்ஜ் போட்ட ஃபுல் வேவ் என்றால் கெபாசிட்டர் செகண்டுக்கு 100 தடவை நிரம்பும், அதனால் கணக்கில் போடவேண்டியது 100 தான்.

மீட்டர் காட்டும் சராசரியை நம்புவது

இதுதான் என் கையைக் கடித்தது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குச் சின்ன மைக் மிக்சர் ஒன்று கட்டிக் கொடுத்தேன். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட், பிறகு 12 வோல்ட்டில் நிறுத்த 7812 ரெகுலேட்டர். மிக்சர் இழுப்பது அரை ஆம்பியர். சேலத்தில் மேஜை மேல் வைத்து கெபாசிட்டரில் டிசி அளந்தால் 14.7 வந்தது. 12-க்கு 2.7 வோல்ட் மேலே இருக்கிறதே, தாராளம் என்று பேக் பண்ணிவிட்டேன்.

கணக்கைப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். 12 வோல்ட் செகண்டரியின் உச்சம் 17, அதில் இரண்டு டையோடுக்குச் சேர்த்து 1.8 போனால் மிச்சம் 15.2. ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவில் 10 மில்லிசெகண்ட், அந்த நேரம் முழுக்க லோடுக்குக் கெபாசிட்டர்தான் கரண்டு கொடுக்கிறது. அப்போது அதன் வோல்ட்டேஜ் இறங்குகிற அளவுதான் ரிப்பிள்:

```
Vr = I / (2 × f × C)
   = 0.5 / (2 × 50 × 0.0047) = 1.06 V
```

(உண்மையில் டையோடு கொஞ்சம் முன்னாடியே திரும்ப நிரப்பத் தொடங்கிவிடும், அதனால் ரிப்பிள் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தப்பினாலும் நல்ல பக்கம்தான் தப்புகிறது.)

ஆக, பள்ளம் 15.2-லிருந்து 1.06 கழித்து சுமார் 14.1. 7812-க்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறக்குறைய 2 வோல்ட் அதிகம் வேண்டும், அதாவது 14. நான் பார்த்த 14.7 உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கிடந்த சராசரி. ரெகுலேட்டருக்குச் சராசரி ஒரு பொருட்டே இல்லை, அது பார்ப்பது பள்ளத்தை. 0.1 வோல்ட் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்த சப்ளையை நான் மலை ஏற்றினேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் கெய்சர் ஓட, 230 வோல்ட் இருக்கவேண்டிய எஸ்டேட் பிளக்கில் 190 தான் இருந்தது. செகண்டரியும் அதே விகிதத்தில் இறங்கும். உச்சம் 14, டையோடு போக 12.2, பள்ளம் 11.1. ரெகுலேட்டர் கையை விரித்துவிட்டது, ரிப்பிள் அப்படியே ஸ்பீக்கர் வரை போய்ச் சேர்ந்தது.

இங்கேதான் என் முட்டாள்தனம். அடுத்த தடவை போகும்போது 10000 மைக்ரோ வாங்கிப் போனேன். ரிப்பிள் அரை வோல்ட்டாகக் குறைந்தது, பள்ளம் 11.7 ஆனது. தேவை 14! பீப்பாய் அளவுக்குக் கெபாசிட்டர் போட்டாலும் 12.2-ஐத் தாண்டாது, ஏனென்றால் உச்சமே அவ்வளவுதான். அந்தத் தம்பியின் சப்ளையிலும் இதே கதைதான்.

சரி, கணக்கைக் கீழேயிருந்து தொடங்கவேண்டும். குறைந்த மெயின்ஸ் 190 என்று வைத்துக்கொண்டு 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் உச்சம் 17.5, டையோடு போக 15.7. பள்ளம் 14-க்குக் கீழே போகக்கூடாது, அப்படியென்றால் ரிப்பிளுக்கு இடம் 1.7 வோல்ட்.

```
C = 0.5 / (100 × 1.7) ≈ 2940 µF
```

கடையில் 3300 கிடைக்கும், ஆனால் அதில் 20 சதவீதம் குறைவாக இருந்தால் 2640 ஆகிவிடும், போதாது. 4700 போட்டால் 20 சதவீதம் குறைந்தாலும் 3760, ரிப்பிள் சுமார் 1.3 வோல்ட்தான். அதாவது நான் முதலில் மாட்டியிருந்த கெபாசிட்டரே சரியானதுதான், மாற்றவேண்டியிருந்தது டிரான்ஸ்பார்மர்! மூன்றாவது தடவை அதை மாற்றினேன், சத்தம் நின்றது.

இதற்கு விலை சூடு. மெயின்ஸ் 240 இருக்கும் நாளில் கெபாசிட்டரில் 20 வோல்ட் கிட்ட நிற்கும், மிச்ச 8 வோல்ட்டும் அரை ஆம்பியரும் சேர்ந்து 7812-இல் 4 வாட். ஈட் சிங்க் இல்லாமல் விட்டால் அது தானாக அணைந்துகொள்ளும்.

25 வோல்ட் கெபாசிட்டர்

லோடு இல்லாதபோது சின்ன டிரான்ஸ்பார்மர் 15-க்குப் பதில் 17, 18 கூடக் கொடுக்கும், உச்சம் 25-ஐத் தொட்டுவிடும். 35 வோல்ட் வாங்குங்கள்.

ஒரு ஆம்பியர் லோடுக்கு ஒரு ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்

வேண்டாம். கெபாசிட்டர் கரண்டை ஒவ்வொரு உச்சத்திலும் சின்னச் சின்ன வாயாக அள்ளி இழுக்கிறது, காயிலுக்கு அது 1.6, 1.8 மடங்கு பாரம். கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம்.

ஸ்கோப் இல்லை, எப்படிப் பார்ப்பது?

மீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையில் 1 மைக்ரோ பாலியெஸ்டர் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, லோடு ஓடும்போது அளக்கவும். வருவதை 3.5-ஆல் பெருக்கினால் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம், கிட்டத்தட்ட. அதில் பாதியை டிசி அளவிலிருந்து கழித்தால் பள்ளம் கிடைக்கும். இதைச் சாயங்காலம் ஏழு மணிக்கு அளக்கவும், மத்தியானம் இல்லை.