கேஸ், இண்டக்ஷன், ரைஸ் குக்கர்: உங்கள் வீட்டில் எது மலிவு என்று பழைய ரசீதையும் மீட்டரையும் வைத்தே கணக்கிடலாம்

"இண்டக்ஷனில் சமைத்தால் செலவு பாதியாகிவிடும்" என்று ஒருவர் சொல்வார். "கரண்ட் பில் எகிறிவிடும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் விடை அடுப்பைவிட உங்கள் கரண்ட் பில்லைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள எங்கள் நான்கு பேர் குடும்பத்தின் 2025-ஆம் வருடக் கணக்கை வைத்து, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். விலைகள் மாறும்போது உங்கள் ரசீதிலும் பில்லிலும் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை அதேதான்.

படி 1: சிலிண்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு?

கையில் இருக்கும் ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ரசீது தொலைந்திருந்தால் சிலிண்டர் வந்தபோது போனுக்கு வந்த எஸ்எம்எஸ் போதும். புக் செய்த தேதியை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த தேதியை மட்டும் எடுங்கள்.

எங்களிடம் ஆறு ரசீதுகள் இருந்தன. முதலாவது ஏப்ரல் 10, கடைசி டிசம்பர் 16. இடையில் 250 நாட்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: ஆறு ரசீது என்பதால் ஆறு சிலிண்டர் என்று வகுத்துவிடுகிறார்கள். டிசம்பரில் வந்த சிலிண்டர் இன்னும் தீரவில்லையே. எனவே 250 நாளில் தீர்ந்தது ஐந்துதான். ஒரு சிலிண்டர் 50 நாள் வருகிறது.

வீட்டில் இரண்டு சிலிண்டர் இருந்தால், ஒன்று வந்து பல நாள் கழித்துத்தான் மாட்டுவோம். அதனால் ஓர் இடைவெளியை மட்டும் பார்த்தால் கணக்கு பிசகும். நான்கைந்து ரசீதுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சரியாகிவிடும்.

14.2 கிலோ சிலிண்டர் அப்போது ரூ.868.50. மாடிக்குக் கொண்டுவந்து தருபவருக்குக் கொடுக்கும் 30 ரூபாயையும் சேருங்கள், அதுவும் சமையல் செலவுதான். மொத்தம் ரூ.898.50. அதை 50 நாளால் வகுத்து 30-ஆல் பெருக்கினால், மாதம் 539 ரூபாய்.

படி 2: இண்டக்ஷனுக்கு எத்தனை யூனிட்?

பழைய கரண்ட் பில்லில் அடுப்புக்குத் தனி வரி கிடையாது. அதனால் இரண்டு வாரம் மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் `kWh` என்று காட்டும் எண்தான் யூனிட். வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் முழுக்க கேஸில் சமைத்தோம்: 49 யூனிட். இரண்டாம் வாரம் தோசைக்கல் உட்பட எல்லாம் இண்டக்ஷனில்: 65 யூனிட். வித்தியாசம் 16. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் 60 நாளுக்கு மாற்றுங்கள்: ஏறக்குறைய 137 யூனிட்.

விருந்தாளி வந்த வாரமோ, திடீரென ஏசி போட ஆரம்பித்த வாரமோ இந்தச் சோதனைக்கு ஆகாது. இரண்டு வாரமும் ஒரே மாதிரி வெயில், ஒரே ஆட்கள் என்று இருக்க வேண்டும்.

படி 3: அந்த யூனிட்டுக்கு என்ன விலை?

இதை நிதானமாகப் படியுங்கள், விடை இங்கேதான் இருக்கிறது. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து "யூனிட் இவ்வளவு" என்று எடுக்காதீர்கள். புதிதாகச் சேரும் யூனிட்டுகள் உங்கள் பில்லின் மேல் நுனியில்தான் போய் உட்காரும், அங்கே விலை வேறு.

எங்கள் பில் கணக்கிடப்பட்ட விலை இது. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாத மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் ரூ.2.35 என்ற படியே போய்விடும், 101-லிருந்தே ரூ.4.70. 501 முதல் 600 வரை ரூ.8.40. அதாவது 501-ஆவது யூனிட், தன் விலையோடு கூடுதலாக 235 ரூபாயையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

எனவே பில்லை இருமுறை போடுங்கள்: இண்டக்ஷன் இல்லாமல் ஒன்று, சேர்த்து ஒன்று. எங்களுக்கு வாரம் 49 என்றால் 60 நாளுக்கு 420 யூனிட், அதோடு 137-ஐச் சேர்த்தால் 557.

```
420 யூனிட்: 235 + 940 + 126       = 1301
557 யூனிட்: 1410 + 630 + 478.80   = 2518.80
வித்தியாசம் (2 மாதம்)              = 1217.80
```

மாதத்துக்கு 609 ரூபாய். கேஸுக்கு 539. எங்கள் வீட்டில் முழுதும் இண்டக்ஷனுக்கு மாறினால் மாதம் 70 ரூபாய் நஷ்டம். 557 யூனிட் பில்லின் சராசரி விலையை வைத்துப் போட்டிருந்தால் 310 ரூபாய் என்று வந்திருக்கும், நானும் ஏமாந்திருப்பேன்.

இதே சமையலை, இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டும் எரிக்கும் வீட்டில் செய்தால்? பில் ரூ.117.50-லிருந்து ரூ.643.90 ஆகும். மாதம் 263 ரூபாய். கேஸ் செலவில் பாதிகூட இல்லை!

படி 4: ரைஸ் குக்கர்

குக்கரின் அடியில் வாட் அளவு இருக்கும். எங்களுடையது 700 வாட். சோறு வெந்து சுவிட்ச் மேலே வர 35 நிமிடம் ஆகிறது. 700-ஐ 35-ஆல் பெருக்கி 60,000-ஆல் வகுத்தால் 0.41 யூனிட். கொஞ்ச நேரம் சூடாக வைப்பதையும் சேர்த்து 0.45 என்று வைத்தேன். சாப்பிடும் நேரம் வரை மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் இது இன்னும் கூடும். வெந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சோறு ஒரு மணி நேரம் சூடாகத்தான் இருக்கும்.

அப்புறம், இதனால் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, ஒரு சிலிண்டர் முழுவதும் சோறு மட்டும் குக்கரில் வைத்தோம். 50 நாள் வந்த சிலிண்டர் 58 நாள் வந்தது. கேஸில் மாதம் 74 ரூபாய் குறைந்தது. ஆனால் தினம் ஒருமுறை வைத்தால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட், எங்களுக்கு ரூ.6.30 படியில், மாதம் 85 ரூபாய். 11 ரூபாய் கூடுதல்தான். 150 யூனிட் வீட்டில் அதே 27 யூனிட் ரூ.2.35 படியில் விழும், மாதம் 32 ரூபாயோடு முடிந்துவிடும்.

எங்கள் முடிவு

இரண்டு மாத கேஸ் செலவான 1078 ரூபாயை 137-ஆல் வகுத்தால் ரூ.7.87. கரண்ட் யூனிட் இதைவிட மலிவாகக் கிடைக்கும்வரை இண்டக்ஷன் லாபம். எங்களுக்கு 500 வரை ரூ.6.30 என்பதால், பால், டீ, பருப்பு என்று பாதிச் சமையலை மட்டும் இண்டக்ஷனுக்கு மாற்றினோம். அது சுமார் 70 யூனிட், மொத்தம் 490. மாதம் 55 ரூபாய் மிச்சம். ரைஸ் குக்கரை எடுத்து வைத்துவிட்டோம்.

490 என்பது விளிம்பு என்பதால் ரீடிங் எடுத்த 45-ஆம் நாள் மீட்டரைப் பார்க்கிறேன். அதுவரை 370-ஐத் தாண்டியிருந்தால், அடுத்த ரீடிங் எடுக்கும்வரை பாலும் கேஸிலேயே காய்கிறது.