கருத்தரங்கில் நன்றியுரை உங்கள் தலையில் விழுந்துவிட்டதா?

அழைப்பிதழின் கடைசி வரியில் 'நன்றியுரை' என்று போட்டு, பக்கத்திலேயே உங்கள் பெயரையும் அச்சடித்துவிட்டார்கள். நீங்கள் மேடையேறும்போது மணி நாலு இருக்கும். நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து. அரங்கில் பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். அதனால் மூன்று நிமிடம்தான் உங்களுக்கு, அதாவது கையெழுத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம்.

முதல் நாள்: எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள்

யாருக்கெல்லாம் நன்றி என்பதை அழைப்பிதழைப் பார்த்து வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வழக்கம்: தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், பேச்சாளர்கள், ஒருங்கிணைப்பாளர், மாணவத் தன்னார்வலர்கள், கடைசியாக அரங்கில் இருப்பவர்கள். உங்கள் கல்லூரியில் வரிசை மாறலாம், துறைத்தலைவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். யார் 'முனைவர்', யார் 'இணைப் பேராசிரியர்', முன்னெழுத்து என்ன என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பதவியைக் குறைத்துச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கேட்பார், ஆனால் மறக்கமாட்டார்.

பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் கீழே மூன்று வரி காலியாக விடுங்கள். உரையின் உயிர் அங்கேதான் வரப்போகிறது.

நான் முதன்முதலாகப் பேசியபோது காலியிடம் விடவில்லை. முந்தைய இரவே எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். மறுநாள் இரண்டாவது பேச்சாளர் வரவே இல்லை. நானோ அவருடைய 'சிறப்பான உரைக்கு' நன்றி சொல்லிவிட்டேன். அரங்கம் அன்று முழுவதும் கைதட்டாத கைதட்டலை எனக்குக் கொடுத்தது.

கருத்தரங்கு நடக்கும்போது: முன்வரிசையில் பேனாவோடு

'அருமையாகப் பேசினார்', 'பொன்னான நேரத்தை ஒதுக்கினார்' என்பதை எந்தப் பேச்சாளருக்கும் சொல்லலாம், அதனால் யார் காதிலும் ஏறாது. அவர் சொன்னதில் ஒன்று, அது உங்களுக்குள் எதைத் தொட்டது என்பது ஒன்று. இந்த இரண்டும் போதும்.

உதாரணத்துக்கு, தலைப்பு 'ஏரிப் பாசனம்' என்று வைத்துக்கொள்வோம். ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்தோடும் இடமான கலிங்கில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பேச்சாளர் படத்தில் காட்டுகிறார். மழைக்காலம் முடியும்போது அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள் என்கிறார். உங்கள் தாளில் 'கலிங்குக் கல் - பலகை - எங்கள் ஊர்' என்று எழுதினால் போதும். முழு வாக்கியம் எழுதப் போனால் அடுத்து அவர் சொல்வதைக் கேட்கமாட்டீர்கள்.

இடைவேளையில் அரங்குக்கு வெளியே ஒரு நடை போய் வாருங்கள். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். தன்னார்வலர்கள் பதினைந்து பேர் என்றால், பெயர்ப் பட்டியல் வாசிப்பதை நான் ஒப்பமாட்டேன். பதினான்கு பெயர் சொல்லி ஒன்றை விட்டால் அந்த ஒருவர்தான் மனதில் நிற்பார். வேலையைச் சொல்லுங்கள், செய்தவருக்குத் தெரியும்.

கடைசி அமர்வில்: காலியிடத்தை நிரப்புங்கள்

வராதவர் பெயரை அடியுங்கள், புதிதாக வந்தவரைச் சேருங்கள். நிரப்பிய பிறகு உரை இப்படி இருக்கும்:

> அனைவருக்கும் மாலை வணக்கம். இந்தக் கருத்தரங்கை நடத்த அனுமதி தந்த தாளாளர் அவர்களுக்கும், காலையில் தொடங்கிவைத்த முதல்வர் அவர்களுக்கும், துணைநின்ற துறைத்தலைவர் அவர்களுக்கும் எங்கள் நன்றி.
>
> முனைவர் ……… அவர்களே, எங்கள் ஊர் ஏரியின் கலிங்குக் கல்மேல் உட்கார்ந்து நான் தூண்டில் போட்டிருக்கிறேன். அந்தக் கல் ஏன் அங்கே நிற்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்காகவே உங்களுக்குத் தனி நன்றி, ஐயா.
>
> ஒருங்கிணைப்பாளர் ……… அம்மாவின் மேசையில் இரண்டு வாரமாக இந்த விழாவின் கோப்புதான் இருந்தது. நாங்கள் எத்தனை முறை போய் நின்றாலும் முகம் சுளிக்கவில்லை. நன்றி, அம்மா.
>
> காலை ஏழு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் பதாகையோடு நின்றவர்கள், கேள்வி கேட்டவரிடமெல்லாம் மைக்கோடு ஓடியவர்கள், எல்லோரும் சாப்பிட்டபின் மூன்று மணிக்குச் சாப்பிட்டவர்கள், ஒலிபெருக்கி அண்ணன், அரங்கைச் சுத்தம் செய்த அக்காக்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. கடைசிவரை இருந்து கேட்ட உங்களுக்கும்தான். வணக்கம்.

பேச்சாளர் இரண்டு பேர் என்றால் இரண்டாமவருக்கும் அதே அளவு பத்தி வேண்டும். ஒருவருக்கு ஐந்து வரி, இன்னொருவருக்கு ஒரு வரி என்றால் மேடையிலேயே தெரிந்துவிடும்.

மேடையில்

தாளைப் பார்த்துப் படிக்கலாம், தவறில்லை. பெயர் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து அவரைப் பாருங்கள். கைதட்டல் வந்தால் நிறுத்துங்கள், அதன்மேல் பேசாதீர்கள். 'வணக்கம்' சொன்ன கையோடு படியிறங்க ஓட வேண்டாம். அடுத்தது நாட்டுப்பண், ஒலிப்பதிவு பெரும்பாலும் உடனே ஓடத் தொடங்கிவிடும். பாதிப் படியில் ஒற்றைக்காலில் நிற்பதைவிட மைக்குப் பக்கத்திலேயே நேராக நின்றுவிடுவது நல்லது.