3 மணிக்கே முழிப்பு வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும், ஆனால் 3 மணிக்கு டக்கென்று முழிப்பு, அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். இப்படி அவதிப்படுகிற பலரும் செய்வது ஒன்று உண்டு. நேற்று விட்ட தூக்கத்தை இன்று பிடித்துவிடலாம் என்று 8 மணிக்கே படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் சிக்கலை வளர்ப்பதே இந்தப் பழக்கம்தான்.

என் பெரியப்பாவுக்கு இதுதான் நடந்தது. ஓய்வு பெற்ற பிறகு சாப்பாட்டை 7 மணிக்கே முடித்துவிட்டு 8:30க்குப் படுப்பார், 9 மணிக்குத் தூங்கிவிடுவார். 3 மணிக்கு முழித்தால் 6 மணி வரை கட்டிலிலேயே கிடப்பார். கட்டிலில் இருந்தது ஒன்பதரை மணி நேரம், தூங்கியது ஆறு மணி நேரம். மதியம் ஒரு மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்தால் ஏழாகிறது, அவர் வயதுக்கு அது குறைவே இல்லை. வயதாக ஆக உடம்பின் கடிகாரம் கொஞ்சம் முன்னால் ஓடும், அதோடு சீக்கிரமும் படுத்தால் உடம்பு தூக்கத்தை 3 மணிக்கே முடித்துக்கொள்ளும்.

தூக்கச் சிகிச்சையில் இதற்குச் செய்வது, கட்டிலில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. அவருக்கு எழும் நேரம் 5:30 என்று நிலையாக வைத்து, படுக்கும் நேரத்தை 11க்குத் தள்ளினார்கள். மதியத் தூக்கம் நிறுத்தம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நடை, ஏனென்றால் மாலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். முதல் வாரம் 9 மணிக்கெல்லாம் கண் சொக்கும், பகலில் எரிச்சலாக இருக்கும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடையில் முழிக்காமல் 5 மணி வரை தூங்கத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு 15 நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவரலாம். எப்படியும் கட்டில் நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

முழித்ததும் மணி பார்ப்பது இன்னொரு தவறு. "ஐயோ, இன்னும் மூணு மணி நேரம் இருக்கே" என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினாலே பதற்றம் வந்து தூக்கம் கலைந்துவிடும். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், செல்போனைத் தொடாதீர்கள். ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வராத மாதிரி தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள்.

ஆனால் எல்லா அதிகாலை விழிப்பும் இப்படிச் சரியாகிவிடாது. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக எழுவது, எழுந்ததும் மனம் பாரமாக அழுத்துவது, சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இலகுவாவது, பசி குறைந்து எடை இறங்குவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வீட்டில் "வயசானா அப்படித்தான்" என்பார்கள், "பிரம்ம முகூர்த்தத்துல எழுறது நல்லதுதானே" என்றும் சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வயதானவர்கள் பலர் கவலையாக இருக்கிறது என்று சொல்லவே மாட்டார்கள், உடம்பு வலிக்கிறது, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தால் தூக்கமும் கூடவே சரியாக வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், அல்லது இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

உடம்பிலும் காரணம் இருக்கலாம். குடித்துவிட்டுப் படுத்தால் சீக்கிரம் தூக்கம் வரும், போதை இறங்கும்போது பின்னிரவில் முழிப்பு வந்துவிடும். சத்தமான குறட்டையோடு மூச்சுத் திணறி எழுபவர்களுக்கு அது விடியற்காலையில்தான் பெரும்பாலும் மோசமாகும், ஏனென்றால் கனவுத் தூக்கம் அப்போதுதான் அதிகம். சிறுநீருக்காக முழிப்பு வருகிறது என்றால் சர்க்கரையையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென உடம்பு கொதித்து வியர்த்தாலும் இதே கதைதான். நீர் பிரியும் மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டையும் பெரும்பாலும் காலையில்தான் போடச் சொல்வார்கள். நீங்கள் இரவில் போடுகிறீர்கள் என்றால் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதுதான் மிகவும் ஆபத்தான தவறு. அல்பிரசோலம் போன்றவற்றின் வேகம் குறையும்போது விடியற்காலையில் முழிப்பு திரும்ப வரும், உடனே ஒன்று இரண்டாகும். ஏற்கனவே தினமும் போட்டு வருகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம், அளவைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவரிடம் போங்கள். போகும்போது இரண்டு வாரத்துக்கு எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், காலையில் மனம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் உத்தேசமாக எழுதி எடுத்துப் போனால், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது அவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.