பள்ளியில் கட்டணச் சான்று கேட்பது எப்படி: 80சி-க்குச் செல்லும்படியான வடிவம், மாதிரிக் கடிதத்தோடு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். ஜனவரி வந்தால் என் மேசையில் பள்ளி ரசீதுகள் குவியும். அவற்றில் நிறைய ரசீதுகளை நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் கட்டிய பணம் உண்மை, பள்ளியும் உண்மை. ஆனால் ரசீதில் 'டெர்ம் ஃபீஸ் ரூ.22,000' என்று ஒரே வரிதான் இருக்கும். அதில் கற்பிப்புக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, வருமான வரித் துறைக்கும் தெரியாது. கொஞ்சம் முன்னாடியே பள்ளியில் சரியாகக் கேட்டு வாங்கியிருந்தால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிவு கிடைத்திருக்கும்.

முதலில்: உங்களுக்கு இது தேவையா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கழிவு. புதிய முறையில் 80சி கிடையாது. நீங்களாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள் என்பதால், எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 80சி-யின் மொத்த வரம்பு 1,50,000 ரூபாய். பி.எஃப்., எல்.ஐ.சி., வீட்டுக் கடன் அசல் ஆகியவற்றிலேயே அது நிரம்பிவிட்டால் பள்ளிக்கு அலைய வேண்டாம்.

எந்தப் பணம் கணக்கில் வரும்?

சட்டத்தில் இருக்கும் சொல் 'டியூஷன் ஃபீஸ்'. இங்கேதான் நம் ஊரில் ஒரு குழப்பம் வருகிறது. நாம் டியூஷன் என்றாலே சாயங்கால வகுப்பைத்தான் நினைப்போம். ஒரு நண்பர் கணக்கு டியூஷன் ஆசிரியர் எழுதிக் கொடுத்த சீட்டை நம்பிக்கையோடு கொண்டுவந்து நீட்டினார். அது செல்லாது. இந்தியாவில் இருக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ பிள்ளை முழுநேரமாகப் படிப்பதற்காக, அந்த நிறுவனம் வாங்கும் கற்பிப்புக் கட்டணம் மட்டுமே சேரும். எல்.கே.ஜி.யும் அதற்குக் கீழே பிளே ஸ்கூலும்கூடச் சேரும்.

வளர்ச்சி நிதி, நன்கொடை ஆகியவை சேராது என்று சட்டமே சொல்கிறது. பஸ், விடுதி, புத்தகம், சீருடை, தாமதக் கட்டணம் ஆகியவையும் கற்பிப்புக் கட்டணம் ஆகாது. ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் காட்டலாம். அப்பா, அம்மா இருவரும் வரி கட்டுபவர்களாக இருந்தால், அவரவர் கட்டிய தொகையை அவரவர் காட்டலாம். ஒரே தொகையை இருவரும் காட்டக் கூடாது.

பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, ரசீதை மாற்றித் தரச் சொல்வது. பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், "சாஃப்ட்வேர்ல இப்படித்தான் வரும் சார், மாத்த முடியாது" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஒருமுறை போட்ட ரசீதை அவரால் திருத்த முடியாது. ஆகவே ரசீதைத் தொட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த ரசீதுகளின் எண்ணைக் குறிப்பிட்டு, பள்ளியின் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு கட்டணச் சான்று கேளுங்கள். அதைத் தருவதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

அந்தச் சான்றில் பள்ளியின் பெயரும் முகவரியும், மாணவரின் பெயரும் வகுப்பும், பணம் கட்டிய பெற்றோரின் பெயரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது எண், பணம் கட்டிய தேதி, கற்பிப்புக் கட்டணம், மற்றவை என்று பிரித்திருக்க வேண்டும். கடைசியில் கையெழுத்து, முத்திரை. 80சி என்ற பிரிவு எண்ணை எழுதச் சொல்லிப் பள்ளியோடு வாதாட வேண்டாம், அது தேவையில்லை. அதுவும் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் 80சி-யின் இடத்தில் 123 என்ற எண் இருக்கிறது. சான்றில் எண்ணே இல்லாமல் இருப்பது நல்லது.

ரசீது எண்ணை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் படிவத்தில் 80சி தொகை ஒவ்வொன்றுக்கும் பாலிசி எண் அல்லது ஆவண எண் கேட்கிறார்கள். ரசீது எண் இல்லாத சான்று அங்கே கைவிட்டுவிடும்.

தேதியில் இருக்கும் சிக்கல்: ஒரு கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பள்ளிக்குக் கல்வியாண்டு, வரிக்கு நிதியாண்டு. பள்ளி ஜூனில் தொடங்கும், வரிக் கணக்கு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடியும். எந்த வகுப்புக்கான கட்டணம் என்பது வரிக்கு முக்கியமில்லை. எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதுதான் கணக்கு.

எங்கள் தரப் பிரிவில் இருக்கும் ஒருவரின் மகள் 2025-26-ல் ஏழாம் வகுப்பு. ஆண்டுக்கு 66,000 ரூபாய் கட்டினார். அதில் கற்பிப்பு 42,000, பஸ் 12,000, புத்தகம் நோட்டு 6,500, கணினி ஆய்வகம் 3,500, ஆண்டு விழா 2,000. பள்ளி கொடுத்த சான்றில் '2025-26 கல்வியாண்டுக்குக் கற்பிப்புக் கட்டணம் ரூ.42,000' என்று இருந்தது. பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

ஆனால் அவர் ஆறாம் வகுப்பின் மூன்றாம் தவணையைக் கையில் பணம் இல்லாததால் தள்ளிப்போட்டு, 2025 ஏப்ரல் 10-ல்தான் கட்டியிருந்தார். அதில் கற்பிப்புக் கட்டணம் 13,000. வகுப்பு பழையது, தேதியோ புதிய நிதியாண்டு. ஏழாம் வகுப்பின் மூன்று தவணைகளும், தலா 14,000, ஜூன், செப்டம்பர், ஜனவரியில் கட்டியாயிற்று. ஆக, 2025-26 நிதியாண்டில் அவர் காட்ட வேண்டியது 42,000 அல்ல, 55,000. வரம்பில் அவருக்கு இடமும் இருந்தது. அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார். அந்த 13,000 விடுபட்டிருந்தால் செஸ்ஸோடு 2,704 ரூபாய் கூடுதலாக வரி போயிருக்கும். மறுபடி போய், '1.4.2025 முதல் 31.3.2026 வரை பெற்ற தொகை' என்று சான்று வாங்கி வந்தார்.

இது தலைகீழாகவும் நடக்கும். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு மார்ச்சிலேயே பணம் கட்டியிருந்தால் அது இந்த நிதியாண்டிலேயே சேரும். மார்ச் 31-ல் யு.பி.ஐ. மூலம் கட்டி, பள்ளி ஏப்ரல் 2-ல் ரசீது போட்டிருந்தால், நீங்கள் செலுத்திய தேதியையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக் கடிதம்

வாய்மொழியாகக் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்ற பதில்தான் வரும். எழுதிக் கொடுங்கள். கையில் இருக்கும் ரசீதுகளின் நகலையும் சேர்த்துப் பின் செய்து கொடுத்தால் அவர்களுக்குத் தேடும் வேலை மிச்சம்.

> பெறுநர்: தலைமையாசிரியர் / முதல்வர் அவர்கள், (பள்ளியின் பெயர், ஊர்)
>
> பொருள்: வருமான வரிக்காகக் கட்டணச் சான்று வேண்டுதல்
>
> ஐயா / அம்மா, வணக்கம்.
>
> என் மகள் / மகன் (பெயர்), (வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண்) தங்கள் பள்ளியில் படித்து வருகிறார். 1.4.____ முதல் 31.3.____ வரை நான் செலுத்திய கட்டணங்களுக்கு, பணம் செலுத்திய தேதியின்படி, கற்பிப்புக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டி ஒரு சான்று தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கல்வியாண்டுக்கான தொகையாக இருந்தாலும் இந்தத் தேதிகளுக்குள் செலுத்தியதைச் சேர்க்கவும். பணம் செலுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் (____) இருக்க வேண்டும். ரசீது நகல்கள் இணைத்துள்ளேன்.
>
> தங்கள் வசதிக்காகப் பட்டியல் வடிவம்:

| ரசீது எண் | செலுத்திய தேதி | கற்பிப்புக் கட்டணம் | மற்றவை | மொத்தம் |
|---|---|---|---|---|
| | | | | |

> இப்படிக்கு, (பெயர், கையெழுத்து, கைபேசி எண், தேதி)

பெயர் விஷயத்தில் ஒரு சொல். பல பள்ளிகளில் சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயர் இருப்பதால் எல்லாமே அப்பா பெயரில் வரும். அம்மாவின் கணக்கிலிருந்து பணம் போய், அம்மாதான் கழிவு கேட்கிறார் என்றால், கடிதத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

எப்போது கேட்பது?

அலுவலகங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஆதாரம் கேட்பார்கள். அந்த நேரத்தில் பள்ளி அலுவலகத்திலும் கூட்டம். டிசம்பர் முதல் வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கு நகலில் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்குங்கள். மூன்றாம் தவணை இன்னும் கட்டவில்லை என்றால் அதுவரை கட்டியதற்குச் சான்று வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். மீதியைக் கட்டிய பிறகு ஏப்ரலில் முழுச் சான்று வாங்கி, ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகத்தின் கடைசித் தேதி போனால் கழிவே போய்விடாது. வரி கூடுதலாகப் பிடித்திருந்தால் ரீஃபண்டாக வரும்.

சான்று கைக்கு வந்ததும்

கவுண்டரை விட்டு நகரும் முன்பே பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் கற்பிப்பும் மற்றவையும் கூட்டினால் ரசீதின் மொத்தம் வருகிறதா? தேதிகள் உங்கள் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா? பிள்ளையின் பெயர் எழுத்து, இனிஷியல் சரியா? 'கட்டணம்' என்று மட்டும் போட்டு மொத்தத்தையும் ஒரே தொகையாக எழுதியிருந்தால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். சில பள்ளிகள் பெற்றோருக்கு உதவுவதாக நினைத்து, பஸ் கட்டணத்தையும் கற்பிப்பிலேயே சேர்த்து எழுதிக் கொடுப்பதுண்டு. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் அந்தத் தொகைக்கான வரியோடு, அந்த வரியில் 200 சதவீதம்வரை அபராதமும் வரும்.

பள்ளி தர மறுத்தால்

'எங்களிடம் பிரிவே இல்லை, எல்லாம் ஒரே கட்டணம்' என்று சொன்னால், அதையே எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு வகுப்பு வாரியாக நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கான அந்த ஆணையைக் காட்டும்படி முதல்வரிடமே பணிவாகக் கேட்கலாம். நான் பார்த்தவரை, கவுண்டரில் முடியாது என்ற காரியம் முதல்வரிடம் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு வாரத்தில் நடந்துவிடுகிறது. அப்படியும் நகரவில்லை என்றால், கடிதத்தின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

சான்றையும் மூல ரசீதுகளையும் ரிட்டர்னோடு அனுப்ப வேண்டியதில்லை. ஸ்கேன் செய்து ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். மையில் அச்சிட்ட பள்ளி ரசீதுகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளிறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், நோட்டீஸோ அதற்குப் பிறகும் வரலாம்.