வீடு சென்னையில், வீட்டுக்காரர் கொழும்பில்: வாடகை ரசீதும் பான் எண்ணும் கேட்கும் முறை

வேளச்சேரியில் என் பெயரில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு இருக்கிறது. கணவரின் வேலை காரணமாக நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறோம். 2024 நவம்பரில் அந்த வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகையில் ஒரு தம்பி குடிவந்தார். தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பள வேலை. ஜனவரியில் அவருடைய நிறுவனம் வரிச் சலுகைக்கான ஆதாரங்களைக் கேட்டபோது ஆரம்பித்த சிக்கலைத் தீர்க்க எங்கள் இருவருக்கும் மூன்று வாரம் ஆனது. இங்கே என்னைப் போல இந்தியக் குடியுரிமையோடு இருந்து, ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் பல. அவர்களுக்காகவும், அவர்களுடைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. முதலில் எந்த வரிமுறை என்று பாருங்கள்

வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. புதிய முறை என்றால் விலக்குக்காக வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை; ஆனால் அவர் வெளிநாட்டில் வசித்தால், மூன்றாம் பகுதியில் சொல்லும் வரிப் பிடித்தம் அப்போதும் உண்டு. பழைய முறை என்றால் மூன்று தொகைகளில் மிகக் குறைந்தது விலக்குப் பெறும். தம்பியின் அடிப்படைச் சம்பளம் 50,000, வாடகைப்படி 22,000. வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் 20,000. சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதாவது 25,000. ஆக மாதம் 20,000 ரூபாய்க்கு வரி இல்லை. மார்ச் வரையிலான ஐந்து மாதத்துக்கு ஒரு லட்சம்.

2. யாரிடம் கேட்கிறீர்கள்?

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். வாடகை சென்னையில் இருக்கும் என் அம்மாவின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பி அம்மாவிடம் கேட்டார்; அம்மாவும் நல்லெண்ணத்தில் தன் பான் எண்ணை எழுதி, ரசீதில் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளர் நான். இரண்டு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த சம்பளப் பிரிவு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் கட்டாயம். பணம் யார் கைக்குப் போகிறது என்பது கணக்கில் வராது. அம்மா போன்றவர்கள் கையெழுத்திடுவதானால் அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். ரசீதில் 'உரிமையாளருக்காக' என்று எழுதி, உரிமையாளரின் பான் எண்ணையே குறிக்க வேண்டும்.

3. முகவரியைக் கேட்கும்போதே வசிக்கும் நாட்டையும் கேளுங்கள்

சம்பளப் பிரிவுக்குக் கொடுக்கும் 12BB படிவத்தில் வீட்டுக்காரரின் பெயர், முகவரி, பான் என்று மூன்று விவரங்கள் வேண்டும். தம்பி என் முகவரியாக 'வெள்ளவத்தை, கொழும்பு 06' என்று எழுதியதும் அடுத்த கேள்வி வந்தது: "உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவரா? அப்படியானால் வாடகையில் வரி பிடித்தீர்களா?"

இருவருக்குமே அதுவரை இது தெரியாது. வீட்டுக்காரர் வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் என்றால், குடியிருப்பவர்தான் வாடகையிலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம் என்று பலர் சொல்வார்கள். அந்த வரம்பு இந்தியாவிலேயே வசிக்கும் வீட்டுக்காரருக்கு உரியது. கொழும்பில் இருக்கும் எனக்கு விகிதம் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத மேல்வரியும், ஆக 31.2. இருபத்தைந்தாயிரத்தில் 7,800 ரூபாய். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழும். மாதத்துக்கு ஒரு சதவீத வட்டியும் சேரும்.

தம்பி 49B படிவத்தில் விண்ணப்பித்து, வரி பிடித்துக் கட்டுபவருக்கான டான் எண் வாங்கினார். நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கான 15,600 ரூபாயை நான் அவருக்குத் திருப்பி அனுப்பினேன். 390 ரூபாய் வட்டியையும் நானே கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கிறேன் என்பதை ஒப்பந்தத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஜனவரி 31க்குள் அவர் 27Q காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டார். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டயக் கணக்காளரை வைத்துக்கொள்ளுங்கள். நாமே செய்து தவறினால் தாமதக் கட்டணமே நாளுக்கு 200 ரூபாய்.

4. கடிதம்

வாட்ஸ்அப்பில் "அக்கா, பான் அனுப்புங்க" என்று வந்தால் எந்த வீட்டுக்காரரும் தயங்குவார். மின்னஞ்சல் அனுப்புங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பான் அட்டையின் படம் கேட்காதீர்கள், எண் போதும். தம்பி இரண்டாவது முறை எனக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். வேளச்சேரி வீட்டுக்கு நவம்பர் 2024 முதல் மாதம் ரூ. 25,000 வாடகை செலுத்தி வருகிறேன். வாடகைப்படி விலக்குக்காக என் நிறுவனம் ரசீதுகளையும், ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளரின் பான் எண்ணையும் கேட்கிறது. தங்கள் பான் எண், தற்போதைய முகவரி, இந்த நிதியாண்டில் வரிச் சட்டப்படி தாங்கள் இந்தியாவில் வசிப்பவரா இல்லையா என்ற விவரம் ஆகியவற்றை 20ஆம் தேதிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். பான் எண்ணைப் படிவத்திலும் வரி செலுத்துவதற்கும் மட்டுமே பயன்படுத்துவேன். பிடிக்கும் வரிக்கு 16A சான்றிதழ் தருகிறேன்.

கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால் பிடித்த வரியை நான் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். ஐந்து மாத வாடகை 1,25,000. அதில் 30 சதவீதம் நிலையான கழிவு போக 87,500. இந்தியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லாததால் வரியே இல்லை. பிடித்த 39,000 ரூபாயையும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கேட்டேன். அவ்வளவு காலம் பணம் முடங்கக் கூடாது என்று நினைக்கும் வீட்டுக்காரர், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்குப் படிவம் 13இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

5. ரசீதில் எந்தத் தொகை?

ஜனவரி முதல் என் கணக்குக்கு 17,200 ரூபாய்தான் வந்தது. நான் முதலில் எழுதிய ரசீதிலும் அந்தத் தொகையே இருந்தது. அது தவறு; தம்பிக்கு விலக்கு குறைந்துவிடும். வாடகை 25,000தான், அதில் ஒரு பகுதியை என் சார்பில் அவர் அரசுக்குக் கட்டுகிறார். 'ஜனவரி 2025 வாடகை ரூ. 25,000, இதில் பிடித்த வரி ரூ. 7,800, வங்கி வழி பெற்றது ரூ. 17,200' என்று மூன்றையும் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் தானியங்கி ரசீதுகளில் வரிப் பிடித்தத்துக்கு இடமே இருப்பதில்லை. ஒரு தாளில் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவதையே நான் விரும்புகிறேன்.

ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் இந்திய வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். கொழும்பில் விற்கும் முத்திரை அதற்கு உதவாது. வங்கி வழியே வாங்கினால் இந்தத் தேடல் வேண்டாம். ஆனால் பணம் வர வேண்டியது வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ கணக்குக்கு. அம்மா கணக்கை விட்டுவிட்டு நானும் அதற்கு மாறினேன்.

பின்சேர்க்கை: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி, "வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் இருக்கிறது, அவர் இன்னும் சென்னையில்தான் வேலை செய்கிறார், எப்படிக் கேட்பது?" என்று எழுதியிருந்தார். இருவரின் பான் எண்ணையும் பங்கு விகிதத்தையும் குடியிருப்பவர் கேட்டு வாங்க வேண்டும். இருவரும் தனித்தனியே ரசீது தர வேண்டும். மேலே சொன்ன பிடித்தம் கொழும்பில் இருக்கும் வாசகியின் பங்குக்கு மட்டும்.

இன்னொன்று: இங்கே உள்ள படிவ எண்கள் 2024-25இல் நாங்கள் பயன்படுத்தியவை. 2026 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதன் பிறகான மாதங்களுக்குப் புதிய எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.