மருத்துவமனையில் இருக்கும் முதியவருக்கு டெலிரியம்: பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

உடல்நலக் குறைவால் திடீரென்று வரும் மனக்குழப்பத்தை டெலிரியம் என்கிறார்கள். நோயாளி கத்தினாலோ, குழாயைப் பிடுங்கினாலோ எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆளை ஓசையில்லாமல் ஒடுக்கிவிடும் இன்னொரு வகையும் உண்டு. "பாவம், அசதி" என்று நாம் விட்டுவிடுவது அதைத்தான். அவருடைய இயல்பை அறிந்த உறவினர்தான் அதை முதலில் கண்டுபிடிக்க முடியும்.

படி 1: கண்ணாடியும் காது மெஷினும்

இரண்டும் வீட்டில் கிடந்தால், சரியாகப் பார்க்கவும் கேட்கவும் முடியாமல் குழப்பம் எளிதில் வரும். கொண்டுபோய் மாட்டிவிடுங்கள், பேட்டரியையும் பாருங்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொடுங்கள். தூக்க மாத்திரையும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையும் குழப்பத்தைத் தூண்டக்கூடியவை, பட்டியலில் அவற்றையும் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 2: பகல் பகலாக இருக்கட்டும்

ஜன்னல் திரையை விலக்குங்கள். நர்ஸிடம் கேட்டுவிட்டு அவரை உட்காரவையுங்கள், முடிந்தால் நடக்கவையுங்கள். தண்ணீருக்குத் தடை இல்லையென்றால் அடிக்கடி கொடுங்கள். "இன்னைக்கு செவ்வாய், ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். இரவில் தூங்க விடுங்கள்.

படி 3: கவனம் நிற்கிறதா?

இதுதான் முக்கியம். ஞாயிறு முதல் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொடர்ச்சியை விட்டுவிட்டாலோ, நாம் பேசும்போதே கண் செருகினாலோ சந்தேகப்படுங்கள். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று மாறி மாறி வருவதும் இதன் அடையாளம். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வளரும். இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். மறதி நோய் உள்ளவருக்கும் இது வரும் என்பதால், "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: நர்ஸிடம் மாற்றத்தைச் சொல்லுங்கள்

ஓர் உதாரணம். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன 78 வயது அம்மா, மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தொடாமல் படுத்தே இருக்கிறார். மகள், "அம்மா டல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னால் அது காற்றோடு போய்விடும். "நேற்று மதியம் பேத்தியோட படிப்பைப் பத்தி விசாரிச்சாங்க. இன்னைக்கு ஒரு கேள்விக்குக்கூட முழுசாப் பதில் வரலை. டெலிரியமா இருக்குமான்னு பாருங்க" என்று சொன்னதும் பரிசோதிக்கிறார்கள். சிறுநீர் இறங்காமல் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது. மலச்சிக்கல், அடக்கிய வலி, தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து ஆகியவையும் காரணமாகலாம். அதனால் கடைசியாக எப்போது சிறுநீர், மலம் போனது, வலிக்கிறதா என்றும் கேளுங்கள். எழுப்பவே முடியவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் அந்த நொடியே நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடுங்கள்.

இல்லாத ஆள் நிற்பதாக அவர் சொன்னால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "நான் பக்கத்துல இருக்கேன்" என்றால் போதும். காரணத்தைச் சரிசெய்த பிறகும் தெளிய நாட்களோ வாரங்களோ ஆகலாம். வீட்டுக்குக் கிளம்பும்போதும் குழப்பம் மிச்சமிருந்தால், மறுபரிசோதனை எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.